அம்மாயி இரண்டு முறை கடல் தாண்டினாள்: பேட்டி எடுத்து, உங்கள் குரலில் எழுதுவது பற்றி

கேள்வி: "எங்க பாட்டிக்கு 80 வயசு. சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல பொறந்து, கல்யாணமாகி, பிள்ளைகளோட இந்தியாவுக்குத் திரும்பி வந்தவங்க. அவங்க கதைய எழுதணும்னு போனை வச்சுட்டு உட்கார்ந்தா, 'என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், வந்தோம்'னு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுறாங்க. எழுதிப் பார்த்தா ஒண்ணு தேதி தேதியா பயோடேட்டா மாதிரி வருது, இல்லன்னா முழுக்க என் உருக்கமா வருது. எப்படிக் கேட்கறது, எப்படி என் குரல்ல எழுதறது?"

என் அம்மாயியும் அப்படி வந்தவள்தான். சிலோனில் சாமிமலைப் பக்கத்துத் தோட்டத்தில் 1946இல் பிறந்து, 1974இல் கப்பலேறி, கடைசியில் கூடலூர் பக்கம் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். 2018இல் அவளிடம் ஏழு தடவை உட்கார்ந்து பேசினேன். முதல் இரண்டு தடவையும் வீண். அந்த வீணிலிருந்தே தொடங்குகிறேன்.

"கஷ்டப்பட்டோம்" என்பது உங்கள் பாட்டி ஐம்பது வருஷம் யோசித்து வந்து சேர்ந்த முடிவு. நீங்கள் "தோட்டத்து வாழ்க்கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், நியாயமாக அந்த முடிவைத்தான் சொல்வார். வாழ்க்கையைக் கேட்காதீர்கள், ஒரு காலையைக் கேளுங்கள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைப் பற்றி நான் மூன்றாவது முறை கேட்டது இது: "பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எந்திரிப்ப அம்மாயி? எந்திரிச்சதும் மொதல்ல எதைத் தொடுவ?" அதற்கு இருபத்திரண்டு நிமிஷம் பதில் வந்தது. அடுப்பில் முந்தின ராத்திரியே வைத்த விறகு, ரொட்டி சுட மாவு பிசையும் தகரத் தட்டு, பிள்ளையைக் கொண்டுபோய் விடும் பிள்ளைக்காம்பரா, அங்கே இருந்த ஆயாவின் கோபம், பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையின் டார்ச் லைட். இதில் எதையும் நான் கேட்கவில்லை.

இன்னொன்று, வாயைவிடக் கைக்கு நினைவு அதிகம். அம்மாயியிடம் ஒரு தட்டில் அரிசியைக் கொட்டி, "லயத்த வரஞ்சு காட்டு" என்றேன். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு. விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். பிறகு குறுக்குக் கோடுகளால் அறை அறையாகக் காம்பராக்களைப் பிரித்தாள். முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, கோடியில் குழாயிலிருந்து விழும் பீலித் தண்ணீர். ஒவ்வொரு காம்பராவிலும் விரல் நின்றபோது அங்கே இருந்தவர்களின் பெயர் தானாக வந்தது. பத்துக் காம்பராவில் எட்டுக்குப் பெயர் சொன்னாள். ஒன்பதாவதில் விரல் நின்றது, பேச்சு வரவில்லை. நான் அவசரப்பட்டு "ஞாபகம் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். "இல்ல சாமி" என்று அரிசியைக் கலைத்துவிட்டாள். ஞாபகம் இருந்தது. அது அவள் அக்காவின் காம்பரா. அக்கா குடும்பத்துக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைத்தது, அவர்கள் வரவில்லை. இது எனக்குத் தெரிய இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. விரல் நின்ற இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ணியிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும்.

பறிக்கிற மாதிரி காட்டச் சொன்னதும் அப்படித்தான். ரெண்டு இலை ஒரு மொட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மாயி காட்டியபோது கட்டைவிரல் நகம் எதையும் கிள்ளவில்லை. மடக்கி ஒடித்து, அதே வேகத்தில் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீசியது. கூடை இல்லை, கை மட்டும் பின்னால் போய் வந்தது. அப்போதுதான் கொழுந்தின் எடையைச் சொல்லும் றாத்தல் கணக்கு வந்தது. நிறுவையில் றாத்தல் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். "பேர்" என்றால் ஒரு நாள் கூலி என்று எனக்கு அதுவரை தெரியாது. "மாசத்துக்கு இருவது பேரு வந்தாலே பெரிசு" என்று அவள் சொன்னதை முதல் தடவை ஆட்களின் எண்ணிக்கை என்று குறித்து வைத்திருந்தேன். தெரியாத சொல் வந்தால் அப்போதே குறுக்கே பேசாமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் மூச்சு விடும் இடத்தில் கேளுங்கள்.

ஒலிப்பதிவு பற்றிச் சுருக்கமாக. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். மேசை மேல் நேராக வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் எல்லாம் இடி மாதிரி விழும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அது தலைக்கு நேர் மேலே இல்லாத இடத்தில் உட்காருங்கள். குக்கர் விசில் அடிக்கும் நேரம் வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் களைப்பில் வரும் "ஆமா ஆமா". பதிவு செய்யப் போவதைச் சொல்லி, அவர் சரி என்பதையும் பதிவிலேயே வாங்குங்கள். கோப்புக்கு `2018-12-09_ammayi_03.m4a` என்பது போலத் தேதியோடு பெயர் வைத்து, அன்றைக்கே இன்னொரு இடத்தில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். கூடத்தில் மாமா இருந்தால், ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிவிடுங்கள். எங்கள் மாமா ஒவ்வொரு வருஷத்தையும் திருத்துவார். திருத்தம் ஆரம்பித்ததும் அம்மாயி "அவன்கிட்டக் கேளு" என்று ஒதுங்கிவிடுவாள். மாமாவுக்குத் தனியாக ஒரு நாள் வைத்தேன், அவருக்கும் திருப்தி.

இப்போது இதன் மையத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட "என் குரல்" எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு ஒரு தவறான தகவலிலிருந்துதான் புரிந்தது.

மூன்றாவது பதிவில் இந்தியாவுக்கு வந்ததைப் பற்றி அம்மாயி சொன்னது, அப்படியே: "தனுஷ்கோடில எறங்குனோம். மணலு சுட்டுச்சு பாரு, கால் வைக்க முடியல. பொடி மண்ணு. அழுதேன். அப்பா தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு." கேட்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். தாய்மண்ணில் கால் வைத்ததும் அது சுட்டது என்று ஒரு பத்தி. ஆகா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பதிவை எழுத்தாக்கும்போதுதான் உறைத்தது. 1974இல் அம்மாயிக்கு 28 வயது, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. அவளை எந்த அப்பா தோளில் தூக்குவார்? அவளுடைய அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று முதல் பதிவில் அவளே சொல்லியிருக்கிறாள். இன்னொன்றும் இருந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. அதற்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. 1970களில் வந்த யாரும் தனுஷ்கோடியில் இறங்கியிருக்க முடியாது. அம்மாயியின் பாஸ்போர்ட்டில் 1974 முத்திரையும் இருக்கிறது.

அதனால்தான் கேட்கப் போகும் முன் ஒரு தாளில் ஊர் அறிந்த தேதிகளை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் பாட்டிக்கு இவை போதும்: தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டம்; 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 1964 அக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்; அதே டிசம்பரில் புயல்; 1973–74இல் தோட்டங்களில் வந்த பஞ்சம்; 1977, 1983 கலவரங்கள். பக்கத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு, பிள்ளைகள் பிறந்தது, சாவு, கல்யாணம் என்று பாட்டி சொல்வதை அங்கே நிரப்புங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் ஏதோ ஒரு வருஷம் சொல்வார். "மாவுப் பஞ்சத்துக்கு முன்னயா பின்னயா? அப்ப பெரியவன் நடந்தானா, தவழ்ந்தானா?" என்று கேட்டால் கணக்காகச் சொல்வார்.

சரி, தவறு தெரிந்துவிட்டது. என்ன செய்வது? நான் செய்யவிருந்தது இரண்டும் தப்பு. ஒன்று, சத்தம் போடாமல் தனுஷ்கோடியை அடித்துவிட்டு ராமேஸ்வரம் என்று போடுவது. மற்றது, "அம்மாயி, நீ சொன்னது தப்பு, புயல்ல அது அழிஞ்சு போச்சு" என்று போய்ச் சொல்வது. நல்லவேளை, அடுத்த முறை பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "தனுஷ்கோடில எறங்குனப்ப பொட்டியில என்ன இருந்துச்சு?" தகரப்பொட்டி, ஊரில் கொடுக்கச் சவுக்காரம், அப்பாயிக்கு ஒரு சீலை, நோம்பிக்குப் போட அவளுக்கு ஒரு பாவாடை என்று சொல்லிக்கொண்டே வந்து, "முசிறிக்கு ரயில்ல போயி" என்றாள். "அப்ப மாமா பிறந்துட்டாரா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "இல்ல சாமி, நானே சின்னப் பிள்ள" என்றாள்.

பத்து வயதில், தாத்தாவின் ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு அப்பாவோடு வந்திருக்கிறாள். அது 1956 வாக்கில். ரயில் அப்போது தனுஷ்கோடி வரை வந்துகொண்டிருந்தது. அப்படியானால் 1974? அதைக் கேட்டபோது மிகக் குறைவாகவே வந்தது. தோட்டத்திலிருந்து ஹட்டன் வரை லாரி. ஹட்டனில் ஒப்பாரிக் கோச்சி. வழியனுப்ப வந்தவர்கள் அழுகிற சத்தத்தால் அந்த ரயிலுக்கு அந்தப் பெயர். பிறகு தலைமன்னாரில் காத்திருந்தது, கப்பலில் பெரியவன் வாந்தி எடுத்தது, ராமேஸ்வரத்தில் வரிசை, மண்டபம் முகாம். இவ்வளவுதான். 28 வயதில் நடந்தது நாலு வரி, பத்து வயதில் நடந்தது சுடுமணலோடும் அப்பாவின் தோளோடும்.

இந்த வித்தியாசத்தைத்தான் நான் எழுதினேன். "என் குரல்" என்பது பாட்டியின் கதைக்கு மேல் நாம் தெளிக்கும் உருக்கம் அல்ல. கேட்டவன் எங்கே தவறாகக் கேட்டான், எங்கே தடுக்கி விழுந்தான், எங்கே பாட்டியின் சொல்லும் காகிதமும் ஒத்துப்போகவில்லை, அந்த இடங்களில்தான் "நான்" என்று எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. மற்ற இடங்களில் ஒதுங்கி நில்லுங்கள். என் கட்டுரையில் மொத்தம் ஆறு இடத்தில்தான் நான் வருகிறேன். அதில் நாலு, நான் செய்த தப்பு.

எழுத்தாக்கும்போது மூன்று நிறம் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொன்னது நீலம். காகிதமோ இன்னொருவரோ உறுதி செய்தது பச்சை. நீங்களாக நினைத்தது சிவப்பு. ஒரு மணி நேரப் பதிவை வார்த்தைக்கு வார்த்தை எழுத எனக்கு ஐந்து ஆறு மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் அப்படி எழுத வேண்டாம். முதலில் கேட்டுக்கொண்டே "12:40 பெரட்டு, 19:05 அக்கா" என்று நிமிஷக் குறிப்பு மட்டும் போடுங்கள். பிறகு தேவையான பகுதிகளை மட்டும் அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள். வரைவு முடிந்ததும் மூன்று நிறத்தையும் பாருங்கள். தேதி தேதியாக வருகிறது என்றால் பச்சை மட்டும்தான் இருக்கும். உருக்கமாக வருகிறது என்றால் சிவப்பு நீலத்தை விழுங்கியிருக்கும். உங்கள் இரண்டு குறைகளும் இங்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

என் முதல் வரைவிலிருந்து ஒரு வரி, வெட்கத்தோடு: "வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்த அம்மாயி, கண்ணீரோடு பிறந்த மண்ணைப் பிரிந்தபோது அவள் நெஞ்சம் விம்மியது." நெஞ்சம் விம்மியதை யார் பார்த்தது? அழுததாக அவள் சொன்னது தனுஷ்கோடியில், அதுவும் கால் சுட்டதற்காக. கடைசி வரைவில் அதே இடம் இப்படி ஆனது: "கப்பலில் அழுதாயா என்று கேட்டேன். 'பெரியவன் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தான், அதப் பாக்கவே சரியா இருந்துச்சு' என்றாள். சொல்லும்போது முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது எப்போதும் திருகுவதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் அதைக் கவனித்ததில்லை." கடைசி இரண்டு வாக்கியமும் சிவப்பு. ஆனால் அவை அவள் மனசைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, என்னைப் பற்றித்தான் சொல்கின்றன.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, யாரும் சொல்லித்தருவதில்லை. பாட்டியை அவர் என்பதா, அவள் என்பதா? வீட்டில் நாங்கள் "அம்மாயி சொல்லுச்சு" என்போம். அதை எழுத்தில் வைத்தால் ஊர்க்காரர்களுக்கு இனிக்கும், மற்றவர்களுக்கு மரியாதைக்குறைவாகப் படும். "அம்மாயி அவர்கள் கூறினார்" என்று எழுதிப் பார்த்தேன், மாலை போட்ட படம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் "அவள்". அம்மாவைப் பற்றியும் சாமியைப் பற்றியும் அப்படித்தானே பேசுகிறோம் என்ற தைரியத்தில். உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். முதல் வரியிலேயே முடிவு செய்துவிடுங்கள், நடுவில் மாறினால் படிப்பவருக்கு யாரோ வேறு ஆள் வந்த மாதிரி இருக்கும்.

அவர் பேச்சை மேற்கோளில் திருத்தாதீர்கள். "றாத்தல்", "காம்பரா", "கோச்சி" எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனால் உங்கள் நடையில் அந்தப் பேச்சை நடிக்காதீர்கள். கூடலூரில் படித்து கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நான் "கோச்சியில ஏறி" என்று என் வாக்கியத்தில் எழுதினால் அது வேஷம். அவள் வாயில் கோச்சி, என் வாக்கியத்தில் ரயில். இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருப்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கே தொடங்குவது என்றால், பிறந்த வருஷத்தில் மட்டும் வேண்டாம். உங்களுக்கு எது புரியாமல் இருந்ததோ அங்கே தொடங்குங்கள். நான் அரிசித் தட்டில் விரல் நின்ற இடத்தில் தொடங்கினேன். இரண்டு கடல் பயணமும் நடுவில் மாறி மாறி வந்தன. தனுஷ்கோடியை அவள் சொன்ன மாதிரியே முதலில் எழுதி, நான் அழுததையும் எழுதி, பிறகு தோளில் தூக்கிய அப்பாவைக் கண்டுபிடித்ததை எழுதினேன். படிப்பவரும் என்னோடு சேர்ந்து ஒரு தடவை ஏமாற வேண்டும் என்பது திட்டம்.

முடித்ததும் வாசித்துக் காட்டுங்கள். அச்சில் கொடுத்தால் "நல்லாருக்கு" என்று மடித்து வைத்துவிடுவார்கள், சத்தமாக வாசிக்க வேண்டும். நான் இரண்டு சாயங்காலமாக வாசித்தேன். அக்காவைப் பற்றிய ஒரு பத்தியில் கையைக் காட்டி நிறுத்தினாள். "அது வேணாம், அவ பேரன் பேத்தி இருக்காங்க" என்றாள். எடுத்துவிட்டேன். என்ன என்று இங்கேயும் சொல்ல மாட்டேன். கட்டுரையின் சிறந்த பத்தி அதுதான் என்று இன்னும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதில் பேரம் பேசக் கூடாது. ஒரு தடவை பேசினால் அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டார்கள்.

தனுஷ்கோடி வந்தபோது கண்ணை மூடிக் கேட்டாள். தப்பு என்று எழுதியிருப்பதற்குக் கோபப்படுவாளோ என்று வேகமாக வாசித்துக் கடந்தேன். "திரும்பப் படி" என்றாள். படித்தேன்.

"வருசத்த நீ மாத்திக்க. அந்த மணலு சுட்டது நெசம், அத எடுத்துராத" என்றாள்.